திரும்பக் கேட்கும் உரிமையின்றி பாக்கியை விற்ற ஒரு திருப்பூர் நிறுவனம்: கட்டணம், நிறுத்தி வைத்த தொகை, நஷ்டம்

பின்னணி

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பின்னலாடை தைக்கும் ஒரு நிறுவனம் இது. பட்டியலிடப்பட்ட ஒரு ஜவுளிக் குழுமத்தின் துணை நிறுவனம் என்பதால் இண்ட் ஏ.எஸ். என்னும் இந்தியக் கணக்கியல் தரநிலைகளின்படி கணக்கு எழுத வேண்டியிருந்தது. நான் வெளியிலிருந்து அவர்களுக்குக் கணக்கு ஆலோசனை சொல்பவன். தணிக்கையாளர் வேறொருவர்.

சரக்கு போன பிறகு பணம் வர 90 முதல் 120 நாள் ஆகும். நூல் வாங்குவதற்கோ ரொக்கம் கொடுத்தாக வேண்டும். ட்ரெட்ஸ் தளத்தில் பில்லை விற்கலாமே என்று முதலில் பார்த்தார்கள். அங்கே விற்பவர் குறு, சிறு, நடுத்தர நிறுவனமாக இருக்க வேண்டும். இவர்களுடைய விற்றுமுதல் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. எனவே வர வேண்டிய பாக்கிகளை விலைக்கு வாங்கும் ஒரு ஃபேக்டரிங் நிறுவனத்திடம் நேரடியாகப் பேசினார்கள்.

விற்க எடுத்த பில்கள் மொத்தம் 60 லட்சம் ரூபாய், மூன்று வாடிக்கையாளர்கள். மதுரைக் கடைக்காரர் 30 லட்சம், அது மார்ச் 10-இல் வர வேண்டும். இன்னொரு மொத்த வியாபாரி 18 லட்சம், மூன்றாவதாக ஒரு கடைத்தொடர் 12 லட்சம். இந்த இரண்டுக்கும் கெடு ஏப்ரல் 21. விற்பனை நாள் ஜனவரி 17.

ஒப்பந்தத்தில் கண்டது

ஃபேக்டர் அனுப்பிய வரைவின் தலைப்பிலேயே "திரும்பக் கேட்கும் உரிமையின்றி" என்று பெரிய எழுத்தில் இருந்தது. நிதி மேலாளர் அதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டார். "இனி பாக்கி வராட்டியும் அவங்க பாடு சார், நம்ம புக்ல இருந்து எடுத்துரலாமுங்க" என்றார். நான் உள்ளே படித்தேன்.

விலை இப்படி: பில் தொகையில் 10 சதவீதத்தை ஃபேக்டர் நிறுத்தி வைத்துக்கொள்வார். கட்டணம் ஒன்றரை சதவீதம். மீதிப் பணத்துக்குக் கெடு வரையிலான நாட்களுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தள்ளுபடி. இதெல்லாம் வழக்கமானதுதான். சிக்கல் 14-ஆவது பிரிவில் இருந்தது. "எக்காரணத்தாலும் வசூலாகாத தொகையை" நிறுத்தி வைத்த தொகையிலிருந்து ஃபேக்டர் கழித்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது.

அந்த ஒரு சொற்றொடர் தலைப்பையே செல்லாததாக்கிவிடுகிறது. இந்த மூன்று வாடிக்கையாளர்களிடமும் இதற்கு முன் வாராக் கடன் ஆனது மிகக் குறைவு. வசூலாகாமல் போகலாம் என்று கம்பெனி முன்கூட்டியே வைத்திருந்த எதிர்பார்ப்பு இழப்பு ஒதுக்கீடே அரை சதவீதம்தான். எதிர்பார்க்கும் இழப்பு அரை சதவீதம், முதலில் அடி வாங்கப்போகும் தொகை 10 சதவீதம் என்றால், வழக்கமாக வரக்கூடிய இழப்பு முழுவதும் விற்றவர் தலையிலேயே விழும். அதைத் தாண்டிய பேரிழப்பை மட்டும் ஃபேக்டர் தாங்குவார். இண்ட் ஏ.எஸ். 109 கேட்பது, சொத்தின் இடரும் பலனும் பெருமளவு கைமாறிவிட்டதா என்பதை. இந்த வரைவில் கைமாறவில்லை. பில்களைப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது, வந்த பணத்தைக் கடனாகத்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு பிரிவும் இருந்தது. வாடிக்கையாளர் தாமதமாகக் கட்டினால், கட்டும் நாள் வரை தள்ளுபடி ஓடிக்கொண்டே இருக்குமாம். தாமதத்தின் இடரும் அப்படியே இங்கேதான் நிற்கிறது.

எடுத்த முடிவு

இரண்டு வழி இருந்தது. ஒப்பந்தத்தை அப்படியே ஏற்று, பணத்தைக் கடனாகக் காட்டலாம். அல்லது பிரிவுகளை மாற்றச் சொல்லலாம். குழுமத்தின் கடன் விகிதத்தை வங்கி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பெனிக்கு இரண்டாவது வழிதான் வேண்டும். அது மட்டும் காரணமாக இருந்தால் நான் தயங்கியிருப்பேன். கடைத்தொடர் பற்றி விற்பனைப் பிரிவுக்கே லேசான சந்தேகம் இருந்தது. ஆகவே இடரை உண்மையிலேயே கைமாற்ற வேண்டிய தேவையும் இருந்தது.

பேச்சு இரண்டு வாரம் நடந்தது. நிறுத்தி வைத்த தொகையிலிருந்து சரக்குத் திரும்பல், தரக் குறை, அளவுக் குறை, விலைக் கழிவு ஆகியவற்றை மட்டும் கழிக்கலாம் என்று 14-ஆவது பிரிவு மாறியது. ஃபேக்டர் ஒப்புக்கொண்ட வரம்புக்குள் வாடிக்கையாளர் பணமில்லாமல் கட்டத் தவறினால் அது ஃபேக்டரின் நஷ்டம். தள்ளுபடி கெடு நாளோடு நின்றுவிடும். இதற்கு விலையாகக் கட்டணம் ஒன்றரையிலிருந்து 2 சதவீதமானது. 60 லட்சத்தில் அரை சதவீதம் 30,000 ரூபாய்.

சரக்கு பற்றிய சர்ச்சை விற்றவர் தலையில்தானே நிற்கிறது, அது தடையில்லையா என்று தணிக்கையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. சரக்கு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் அந்தத் தொகையைத் தர வேண்டியதே இல்லை. விற்கப்பட்டது செல்லுபடியாகும் பாக்கி. செல்லாத பகுதிக்கு விற்றவர் பொறுப்பேற்பது கடன் இடரை வைத்துக்கொள்வதாகாது. இந்த விளக்கத்தை அவர் ஏற்றார்.

கடைத்தொடருக்கு ஃபேக்டர் கொடுத்த வரம்பு 12 லட்சம்தான். அவர்களிடம் கம்பெனிக்கு மொத்தம் 15 லட்சம் வர வேண்டியிருந்தது. மூன்று லட்சத்துக்கான பில் விற்கப்படாமல் கம்பெனியிடமே நின்றது.

விற்ற நாளின் கணக்கு

கெடுக்களின் சராசரி 73 நாள், அதாவது மார்ச் 31. தள்ளுபடி 54 லட்சத்துக்கு 12 சதவீதம், 73 நாள்: 1,29,600. கட்டணம் 1,20,000. கட்டணத்துக்கு மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள், 21,600. அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆக வங்கியில் வந்தது 51,28,800.

நான் எழுதிக் கொடுத்த பதிவு இது:

- வங்கி, டெபிட்: 51,28,800
- ஃபேக்டரிடம் வர வேண்டியது (நிறுத்தி வைத்த தொகை), டெபிட்: 6,00,000
- உள்ளீட்டு ஜி.எஸ்.டி., டெபிட்: 21,600
- எதிர்பார்ப்பு இழப்பு ஒதுக்கீடு, டெபிட்: 30,000
- பாக்கி விற்ற நஷ்டம், டெபிட்: 2,19,600
- வாடிக்கையாளர் பாக்கி, கிரெடிட்: 60,00,000

கட்டணமும் தள்ளுபடியும் சேர்ந்தால் 2,49,600. ஆனால் அந்தப் பில்களுக்கு எதிராக ஏற்கனவே 30,000 ஒதுக்கீடு இருந்தது. பில் போய்விட்டால் ஒதுக்கீடும் போக வேண்டும். புத்தகத்தில் இருந்த மதிப்பு 59,70,000தான், அதனால் நஷ்டம் 2,19,600. இந்த 30,000-ஐ மறப்பவர்கள் நிறையப் பேர். பில் இல்லாமல் அதன் ஒதுக்கீடு மட்டும் அநாதையாகப் பல மாதம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தி வைத்த ஆறு லட்சம் நஷ்டம் இல்லை. ஃபேக்டர் தர வேண்டிய பாக்கி அது, ஆகவே சொத்து. சரக்குத் திரும்பலுக்கு அதிலிருந்து எப்படியும் கொஞ்சம் போகுமே, இப்போதே குறைத்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இந்தப் பில்களை விற்பனையாகப் பதிந்தபோதே 3 சதவீதம், 1,80,000 ரூபாய், திரும்பலுக்கான பொறுப்பாக எழுதியாகிவிட்டது. ஆறு லட்சத்திலும் குறைத்தால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும். ஆறு லட்சத்துக்கு வட்டி இல்லாததால் அதன் இன்றைய மதிப்பு கொஞ்சம் குறைவுதான். கிட்டத்தட்ட 14,000 ரூபாய் வித்தியாசம், சிறிது என்று விட்டுவிட்டோம்.

மார்ச்சில் வந்த தொலைபேசி

இங்கேதான் எங்கள் பக்கம் சறுக்கியது. நான் எழுதிக் கொடுத்த பதிவு மேலாளரின் மின்னஞ்சலிலேயே நின்றுவிட்டது. வங்கி அறிக்கையில் 51,28,800 வந்ததைப் பார்த்த கணக்குப் பையன், வழக்கம்போல வாடிக்கையாளர் வரவாக டேலியில் போட்டுவிட்டான். மூன்று பேருக்கும் பில் விகிதப்படி பிரித்தும் விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பணம் வந்தால் பில்லில் கழி என்பதுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அதனால் 8,71,200 ரூபாய் வாடிக்கையாளர் லெட்ஜர்களிலேயே தொங்கியது. அதற்குள் நிறுத்தி வைத்த தொகை, கட்டணம், ஜி.எஸ்.டி., தள்ளுபடி நான்கும் கலந்து கிடந்தன. மதுரைக்காரர் பெயரில் மட்டும் 4,35,600. அவர் மார்ச் 10-இல் 30 லட்சத்தையும் ஃபேக்டருக்கு முழுசாகக் கட்டிவிட்டார். மறு வாரம் வசூல் பிரிவுப் பெண் கெடு தாண்டிய பட்டியலைப் பார்த்து அவருக்கே போன் போட்டார்.

மதுரைக் கணக்காளர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். "ஏம்மா, பில்லை வித்துட்டோம்னு நீங்கதான லெட்டர் போட்டீங்க, அவங்களுக்கு முழுசாக் கட்டியாச்சு. இப்ப நாலு லட்சம் எங்கிருந்து வந்துச்சு?" அந்தப் பெண்ணுக்கு பில் விற்ற விஷயமே தெரியாது. மூன்று நாள் கழித்து முதலாளி மதுரைக்குப் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த தடவை மறுபடி கேட்பார்கள் என்று பயந்து மதுரைக்காரர் பாதித் தொகையை இங்கேயே அனுப்பியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகியிருக்கும். ஃபேக்டருக்குச் சொந்தமான பணம் அது, வாங்கி வைத்துக்கொள்ள உரிமையில்லை.

திருத்துவது ஒரு மணி நேர வேலை. லெட்ஜர்களில் நின்ற 8,71,200-ஐ கிரெடிட் செய்து, ஆறு லட்சத்தை ஃபேக்டர் பெயருக்கும், 21,600-ஐ ஜி.எஸ்.டி.க்கும், 2,49,600-ஐ நஷ்டக் கணக்குக்கும் மாற்றினோம். பிறகு ஒதுக்கீட்டின் 30,000-ஐ அந்த நஷ்டத்தில் குறைத்தோம்.

ஆண்டு முடிவில்

மார்ச் கடைசியில் மொத்த வியாபாரியிடமிருந்து 2,10,000-க்கு டெபிட் நோட் வந்தது. ஒரு சாயத் தொகுதியின் நிறம் மாதிரித் துண்டோடு ஒத்துப்போகவில்லை. துணியைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். நோட்டை ஃபேக்டருக்கும் அன்றே அனுப்பினோம்.

நஷ்டத்தை எங்கே காட்டுவது என்று கொஞ்சம் வாதம் நடந்தது. மேலாளர் முழுவதையும் வங்கிச் செலவில் போடச் சொன்னார். பாக்கியை விற்றதில் வந்த நஷ்டத்தைத் தனி வரியாகக் காட்டி, குறிப்பில் கட்டணம் எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்தோம். வந்த 51 லட்சம் பணப் பாய்வு அறிக்கையில் இயக்க நடவடிக்கையில் சேர்ந்தது. பழைய 14-ஆவது பிரிவு இருந்திருந்தால் அது நிதி நடவடிக்கையில் கடன் வரவாகப் போயிருக்கும்.

கடைத்தொடர் திவால்

ஏப்ரல் 21-இல் கடைத்தொடரிடமிருந்து பணம் வரவில்லை. மே முதல் வாரத்தில் அதன் மீதான திவால் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. மார்ச் 31-க்குப் பிறகு வாடிக்கையாளர் திவாலானால், அந்த நாளிலேயே அவர் நிலைமை மோசமாக இருந்தது என்பதற்கு அது சான்று. பொதுவாகப் பழைய ஆண்டுக் கணக்கையே திருத்த வேண்டும்.

இப்போது பிரிவு மாற்றத்தின் பலன் தெரிந்தது. விற்ற 12 லட்சம் புத்தகத்திலேயே இல்லை, திருத்த எதுவுமில்லை. விற்காமல் நின்ற மூன்று லட்சத்துக்கு முழு ஒதுக்கீடு செய்தோம். திவால் நடவடிக்கையில் கம்பெனி கோரிக்கை போட்டதும் அந்த மூன்று லட்சத்துக்கு மட்டும்தான். 12 லட்சத்துக்குக் கோரும் உரிமை ஃபேக்டருடையது. மார்ச்சில் லெட்ஜரைத் திருத்தாமல் விட்டிருந்தால், தன்னுடையதல்லாத பாக்கிக்கும் சேர்த்துக் கோரிக்கை போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபேக்டர் சும்மா விடவில்லை. மே மாத நடுவில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு பொதி குறைகிறது என்று கடைத்தொடர் பிப்ரவரியிலேயே கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறது, எனவே இது சர்ச்சைக்குரிய பில், 12 லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மின்னஞ்சல் உண்மைதான். சரக்கு அனுப்பும் பிரிவில் படித்துவிட்டு, அடுத்த லோடில் சேர்த்து அனுப்பலாம் என்று வைத்துவிட்டார்கள். எங்களுக்கும் சொல்லவில்லை, ஃபேக்டருக்கும் சொல்லவில்லை.

காப்பாற்றியது லாரி ரசீது. இறக்கிய இடத்தில் கடைத்தொடரின் ஆள் பேனாவால் "2 பொதி குறைவு, மற்றவை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பேக்கிங் பட்டியலோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு பொதியின் மதிப்பு 36,000. குறை அந்த அளவுதான், மீதி வராததற்குக் காரணம் பணமில்லாமை என்று பதில் எழுதினோம். ஒப்பந்தத்தில் "சர்ச்சைக்குரிய பில்" என்று மட்டும் இருந்தது, எந்த அளவுக்கு என்று இல்லை. நான் கவனித்திருக்க வேண்டிய இடம். நான்கு கடிதங்கள் போய் வந்த பிறகு ஃபேக்டர் 36,000 என்பதை ஏற்றார்.

தீர்வு

ஜூலையில் கணக்குத் தீர்ந்தது. ஆறு லட்சத்தில் டெபிட் நோட்டுக்கு 2,10,000, குறைந்த பொதிக்கு 36,000, ஆக 2,46,000 கழிந்து 3,54,000 வந்தது. கழிவில் 1,80,000 முன்பே எழுதிய திரும்பல் பொறுப்பில் அடங்கியது. மிச்சம் 66,000-ஐ மார்ச் கணக்கிலேயே விற்பனையில் குறைத்திருந்தோம். இந்தக் கழிவுகளின் ஜி.எஸ்.டி. பகுதியை எளிமைக்காக இங்கே பிரித்துக் காட்டவில்லை.

இந்த 2,46,000-ஐயும் ஃபேக்டரிங் நஷ்டத்தில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சேர்த்திருந்தால் ஃபேக்டரிங் செலவு நான்கரை லட்சத்தைத் தாண்டி, பில்லில் கிட்டத்தட்ட 8 சதவீதமாகத் தெரியும். இயக்குநர்கள் அடுத்த தடவை வேண்டாம் என்றிருப்பார்கள். நிறம் மாறிய துணிக்கான கழிவு ஃபேக்டர் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். ஃபேக்டரிங்கின் விலை 2,49,600தான், அதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லை.

கூடுதலாகக் கட்டிய 30,000-க்கு 11,64,000 ரூபாய் இழப்பு தவிர்ந்தது என்று மேலாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்தது உண்மை. ஆனால் பழைய பிரிவிலும் கம்பெனியின் இழப்பு நிறுத்தி வைத்த தொகையோடு நின்றிருக்கும். டெபிட் நோட்டும் பொதிக் குறையும் போக மீதி இருந்த 3,54,000-தான் போயிருக்கும். அந்த 30,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தது அந்த 3,54,000-ஐ.

இனி மாற்றியவை

புதிய ஒப்பந்தத்தில் "சர்ச்சைக்குள்ளான அளவுக்கு மட்டும்" என்ற சொற்கள் சேர்ந்துள்ளன. விற்கும் நாளிலேயே பில்கள் டேலியில் ஃபேக்டர் பெயருக்கு மாறிவிடும், வங்கி வரவுக்காகக் காத்திருப்பதில்லை. வசூல் பட்டியல் எடுக்கும் பெண்ணுக்கு விற்ற பில்களின் எண்கள் அன்றே போகின்றன. சரக்குப் பிரிவுக்கு வரும் குறை மின்னஞ்சல்களின் நகல் கணக்குப் பிரிவுக்கும் வருகிறது. முதல் மாதத்தில் வந்த ஏழு நகல்களில் இரண்டு, விற்றுவிட்ட பில்களைப் பற்றியவை.